பெனால்டி ஷூட்அவுட்டில் மனம் படும் பாடு

வெற்றி தோல்வி முடிவாகியே தீர வேண்டிய கால்பந்துப் போட்டி, கூடுதல் நேரமான 30 நிமிடங்களுக்குப் பிறகும் சமநிலையில் இருந்தால் பெனால்டி ஷூட்அவுட் வருகிறது. இரு அணியிலிருந்தும் ஐந்து பேர் மாறி மாறி உதைக்கிறார்கள். அதிலும் முடிவு கிடைக்காவிட்டால் ஆளுக்கொன்றாகத் தொடர்கிறது. பந்து கோல் கோட்டிலிருந்து 11 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். ஓங்கி உதைத்த பந்து அரை நொடிக்குள் கோலை அடைந்துவிடும். பந்து கிளம்பிய பிறகு கோல்கீப்பர் யோசித்துப் பாய்ந்தால், மூலையை நோக்கி வரும் பந்தைத் தொட முடியாது. இவ்வளவு சாதகம் இருந்தும், பெரிய போட்டிகளின் ஷூட்அவுட்களில் நான்கில் ஒன்று என்ற அளவில் உதைகள் வீணாகின்றன. உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களின் கால்கள் இங்கே தடுமாறுவதற்கு மனமும் ஒரு முக்கியக் காரணம்.

நார்வே விளையாட்டு அறிவியல் கல்லூரியைச் சேர்ந்த கெய்ர் யோர்டெட் பல ஆண்டுகளாக இதை ஆராய்ந்துவருகிறார். உலகக் கோப்பை, யூரோ கோப்பை, கோபா அமெரிக்கா ஷூட்அவுட்களின் வீடியோக்களை ஒவ்வோர் உதையாகப் பார்த்துக் குறிப்பெடுத்தார். உதைத்த ஆட்டக்காரர்கள் சிலரையும் நேரில் கண்டு பேசினார். அவர்களுடைய அனுபவத்தை நான்கு கட்டங்களாகப் பிரிக்கலாம்: கூடுதல் நேரம் முடிந்ததும் கிடைக்கும் இடைவெளி, நடுவட்டத்தில் முறை வரும்வரை காத்திருப்பது, அங்கிருந்து பெனால்டி புள்ளிவரை தனியாக நடப்பது, பந்தை வைத்து உதைப்பது. நான்கில் கடைசிக் கட்டம் மட்டுமே தொலைக்காட்சியில் பார்ப்பவருக்கு முக்கியமாகத் தெரியும். பதற்றமோ முதல் கட்டத்திலேயே தொடங்கி, நடுவட்டத்தில் நிற்கும்போது ஏறிக்கொண்டே போகிறது. 120 நிமிடம் ஓடிக் களைத்த உடம்புக்கு அப்போது செய்ய ஒன்றுமில்லை. எண்ணங்கள்தான் ஓடுகின்றன.

அந்த எண்ணங்கள் எதைச் சுற்றி ஓடுகின்றன என்பதைப் பொறுத்து உதையின் கதி மாறுவதை யோர்டெட்டின் ஆய்வு காட்டியது. ‘இது கோலானால் நாம் ஜெயித்தோம்’ என்ற நிலையில் வரும் உதைகளில் சுமார் 92 சதவீதம் கோலாகியிருந்தன. ‘இது தவறினால் நாம் தோற்றோம்’ என்ற நிலையில் வந்தவற்றில் ஏறத்தாழ 60 சதவீதம்தான் கோலாயின. தூரம், பந்து, கோல் எதுவும் மாறவில்லை. ஒருவர் கையில் கிடைக்கப்போவதை எண்ணி உதைக்கிறார், மற்றவர் கைநழுவப்போவதை அஞ்சி உதைக்கிறார்.

அச்சம் எப்படிக் காலுக்கு இறங்குகிறது? யோர்டெட் கண்ட முதல் அடையாளம் அவசரம். நடுவர் விசில் ஊதியதும் சிலர் ஒரு கணம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஓடத் தொடங்குகிறார்கள். சிலரோ விசில் சத்தம் அடங்குமுன்பே பாய்ந்துவிடுகிறார்கள். தாங்க முடியாத நிலையிலிருந்து சீக்கிரம் தப்பித்துவிட வேண்டும் என்ற தவிப்பின் வெளிப்பாடு இது. அப்படி விரைந்தவர்கள் கோல் அடித்த விகிதம், நிதானித்தவர்களைவிடக் குறைவாக இருந்தது. அவசரக்காரர்களின் வரிசையில் முன்னே நின்றவர்கள் இங்கிலாந்து அணியினர்.

இரண்டாவது அடையாளம் பார்வையில் தெரிகிறது. இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் மார்க் வில்சன் குழுவினர், கண் எங்கே பார்க்கிறது என்பதைப் பதிவுசெய்யும் கருவியை ஆட்டக்காரர்களுக்கு மாட்டிப் பெனால்டி உதைக்கச் செய்தனர். பதற்றம் கூடியபோது அவர்களின் கண் கோல்கீப்பரை முன்னதாகவே நாடி, அவர்மீது அதிக நேரம் தங்கியது. பந்தும் அவருக்கு அருகிலேயே போயிற்று. அஞ்சும் மனம் ஆபத்து எங்கிருந்து வரும் என்றே தேடுகிறது. பெனால்டியில் அந்த ஆபத்து கோல்கீப்பர். ‘அவர் தடுத்துவிடக் கூடாது’ என்று எண்ணியவர் மூலையை விட்டுவிட்டு அவரையே குறிவைத்தது போலாகிறது. கைகளை விரித்து அசைத்து, கோட்டில் முன்னும் பின்னும் நடந்து, கோல்கீப்பர்கள் தங்கள்பால் கவனத்தை இழுப்பதற்கு இதுதான் காரணம். 2022 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் அர்ஜென்டினாவின் எமிலியானோ மார்ட்டினெஸ், பிரான்ஸின் சுவாமெனி உதைக்க வந்தபோது பந்தைத் தூக்கித் தள்ளி வீசினார். சுவாமெனி பந்தைக் கோலுக்கு வெளியே அடித்தார். உதைப்பவரின் கவனத்தைக் கோல்கீப்பர் முறையற்ற விதத்தில் சிதறடிக்கக் கூடாது என்று மறு ஆண்டில் விதி தெளிவாக்கப்பட்டது.

பதற்றத்திடம் தோற்றும், பிறகு அதைக் கையாளக் கற்றும் வந்த அணிக்கு நல்ல எடுத்துக்காட்டு இங்கிலாந்துதான். 1990 முதல் 2012 வரை உலகக் கோப்பை, யூரோ போட்டிகளில் ஏழு ஷூட்அவுட்களைச் சந்தித்து ஆறில் தோற்றது. அவற்றில் ஒன்று 1996 யூரோ அரையிறுதி. லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் ஜெர்மனிக்கு எதிராக இரு அணியின் முதல் ஐந்து பேரும் கோல் அடித்தார்கள். ஆறாவதாக வந்தவர் 25 வயதுத் தடுப்பாட்டக்காரர் கேரத் சவுத்கேட். தொழில்முறை ஆட்டத்தில் அதற்கு முன் அவர் ஒரே ஒரு பெனால்டிதான் உதைத்திருந்தார், அதுவும் கோலாகவில்லை. பந்தை வைத்து, உதைத்து, முடித்துவிட்டால் போதும் என்பதே அப்போதைய தன் மனநிலை என்று பின்னாளில் அவர் விவரித்தார். பந்து வலுவின்றித் தாழப் போக, கோல்கீப்பர் கோப்கே தடுத்தார். அடுத்து வந்த மோலர் கோல் அடிக்க, இங்கிலாந்து வெளியேறியது.

அந்த சவுத்கேட்டே 2016இல் இங்கிலாந்தின் பயிற்சியாளரானார். ஷூட்அவுட் அதிர்ஷ்டம் சார்ந்தது, அதற்குப் பயிற்சி பயன்படாது என்று அந்நாட்டில் நிலவிய எண்ணத்தை அவர் ஏற்கவில்லை. ஆட்டக்காரர்கள் உடல் களைத்த நிலையில் பெனால்டி பழகினார்கள். நடுவட்டத்திலிருந்து தனியே நடந்து வருவதும் பயிற்சியில் சேர்ந்தது. யார் உதைப்பது என்பது முன்கூட்டியே சிந்திக்கப்பட்டது. விசிலுக்குப் பிறகு அவசரப்படாமல் தன் நேரத்தை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வலியுறுத்தப்பட்டது. 2018 உலகக் கோப்பையில் கொலம்பியாவுக்கு எதிராக மூன்றாவதாக உதைத்த ஹெண்டர்சனின் பந்து தடுக்கப்பட்டது. ஆனாலும் அடுத்த இருவரும் கோல் அடித்தார்கள். எதிரணி இரு வாய்ப்புகளைத் தவறவிட, எரிக் டயரின் கடைசி உதையோடு 4–3 என வென்றது. உலகக் கோப்பை ஷூட்அவுட்டில் இங்கிலாந்து வென்றது அதுவே முதல் முறை.

ஆயினும் தயாரிப்புக்கு எல்லை உண்டு என்பதை 2021 யூரோ இறுதி ஆட்டம் காட்டியது. இத்தாலிக்கு எதிராக ராஷ்ஃபோர்டும் சாஞ்சோவும் பெனால்டி உதைப்பதற்காகவே 120ஆவது நிமிடத்தில் இறக்கப்பட்டார்கள். ஆட்டத்தில் பந்தைத் தொட்டுக் கால் பழகவே அவர்களுக்கு நேரம் இல்லை. ராஷ்ஃபோர்டின் பந்து கம்பத்தில் பட்டது. சாஞ்சோவின் பந்தை டொன்னரும்மா தடுத்தார். ஐந்தாவதாக வந்த புகாயோ சாக்காவுக்கு வயது 19. தவறினால் கோப்பை போய்விடும் என்ற கடினமான நிலையில் அவர் உதைக்க வேண்டியிருந்தது. அதையும் டொன்னரும்மா தடுத்தார்.

உதை தவறிய பிறகுதான் மனத்தின் இரண்டாவது சோதனை தொடங்குகிறது. தோல்வி பதினொரு பேருடையது என்றாலும் நினைவில் தங்குவது ஒரே பெயர். கறுப்பின இளைஞர்களான அந்த மூவரும் சமூக வலைதளங்களில் இனவெறி வசைக்கு ஆளானார்கள். தேர்வு செய்தது தான், பொறுப்பும் தன்னுடையதே என்று சவுத்கேட் உடனே வெளிப்படையாக அறிவித்தார். அதனால் பழியின் பாரம் குறைந்தது. சாக்காவுக்கு ரசிகர்கள் அனுப்பிய கடிதங்களை அவரது ஆர்சனல் கிளப் ஒரு சுவர் முழுக்க ஒட்டி அவரிடம் காட்டியது.

பழியைப் பகிர்ந்துகொள்வது ஒரு வழி என்றால், மீண்டும் உதைக்க முன்வருவது இன்னொரு வழி. 1990 அரையிறுதியில் தவறவிட்ட இங்கிலாந்தின் ஸ்டூவர்ட் பியர்ஸ், 1996 கால் இறுதியில் ஸ்பெயினுக்கு எதிராக உதைத்து வென்றார். 1994 உலகக் கோப்பை இறுதியில் பந்தைக் கோலுக்கு மேலே அடித்த இத்தாலியின் ராபர்ட்டோ பாஜ்ஜோ, 1998 உலகக் கோப்பையில் சிலிக்கு எதிராகப் பெனால்டியில் கோல் அடித்து ஆட்டத்தைச் சமன்செய்தார். தவறிய உதையின் வலி இதனால் அழிந்துவிடுவதில்லை. அந்த வலியைப் பாஜ்ஜோ பல ஆண்டுகள் கழித்தும் பேசினார். ஆனால், பெனால்டி என்றாலே ஒதுங்கும் பழக்கம் வேர்விடாமல் இது தடுக்கிறது. சாக்காவும் 2022 ஏப்ரலில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராகப் பெனால்டியில் கோல் அடித்தார்.

2024 யூரோ கால் இறுதியில் இந்தப் பாடங்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்தன. ஸ்விட்சர்லாந்துக்கு எதிரான ஷூட்அவுட்டில் கோல்கீப்பர் பிக்ஃபோர்ட் பந்தைத் தன்னிடம் வைத்திருந்து, வரும் சக ஆட்டக்காரரின் கையில் கொடுத்தார். பந்தைத் தேடிப் போவதும் எதிரணிக் கோல்கீப்பரிடமிருந்து வாங்குவதும் இதனால் தவிர்ந்தன. எதிரணியினர் எந்தப் பக்கம் உதைப்பார்கள் என்ற குறிப்பு அவருடைய தண்ணீர் பாட்டிலில் ஒட்டப்பட்டிருந்தது. அக்கான்ஜியின் உதைக்கு இடப்பக்கம் பாயச் சொன்னது அது. அப்படியே பாய்ந்து தடுத்தார். உதைத்துவிட்டுத் திரும்புபவரை எதிர்கொள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு துணை ஏற்பாடாகியிருந்தது. கோலானாலும் தவறினாலும் திரும்பிவரும் வழியில் தனித்திருக்கப்போவதில்லை என்பது உதைக்கும் முன்பே தெரிந்திருந்தால், தவறிவிடுமோ என்ற அச்சம் சற்றுத் தணிகிறது. பால்மர், பெல்லிங்ஹம், சாக்கா, டோனி, அலெக்சாண்டர்-ஆர்னால்ட் ஐவரும் கோல் அடிக்க, இங்கிலாந்து 5–3 என வென்றது.

தவறும் உதை ஒவ்வொன்றையும் மனபலவீனம் என்று எண்ணுவது தவறு. குறி தப்பாமல் அடித்த பந்தையும் கோல்கீப்பர் சரியாகக் கணித்துப் பாய்ந்து தடுத்துவிடலாம்; புல்தரை சறுக்கலாம். பதற்றம் விளைத்த தவறு எது என்று காட்டும் அடையாளங்கள் உதைக்கு முன்பே தெரிகின்றன: விசிலோடு விசிலாக ஓடுவது, கோல்கீப்பரை விட்டு அகலாத கண், கடைசி நொடியில் பக்கத்தை மாற்றுவது. பயிற்சியால் திருத்தக்கூடியவை இவைதான். எந்தப் பக்கம் உதைப்பது என்பதை நடுவட்டத்திலேயே முடிவுசெய்வது, குறிவைத்த மூலையைப் பார்த்துவிட்டுப் பார்வையைப் பந்துக்குக் கொண்டுவருவது, விசிலுக்குப் பின் ஒரு மூச்சு நிதானிப்பது ஆகிய மூன்றும் உதைப்பவரின் கையில் உள்ளவை. கோலாகுமா ஆகாதா என்பது முழுதும் அவர் கையில் இல்லை. இந்த வேறுபாட்டை முன்பே மனத்தில் பதித்துக்கொண்டவர், பந்து தடுக்கப்பட்டாலும் அடுத்த பெனால்டியை உதைக்க மீண்டும் முன்வர முடிகிறது.