கமாவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கோரிக்கை

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனம். ஏற்றுமதிக்கான அட்டைப்பெட்டிகளை வெளியூர் சப்ளையரிடம் வாங்குகிறது. ஆர்டரில் பெட்டிகள் குறைந்துபோயின. அதைச் சொல்ல, அங்குள்ள பொறுப்பாளர் இப்படி ஒரு மின்னஞ்சல் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

"வணக்கம் சார், 3ஆம் தேதி ஆர்டர் கொடுத்த 600 ஐந்தடுக்குப் பெட்டிகள் நேற்று மாலை வந்தன, எண்ணிப் பார்த்ததில் 540 தான் இருந்தன, அதில் 35 பெட்டிகள் மழையில் நனைந்து மூலை நசுங்கியிருந்ததால் பேக்கிங்குக்கு எடுக்க முடியாமல் தனியாக வைத்திருக்கிறோம், பில்லில் 600 பெட்டிக்கும் தொகை போடப்பட்டுள்ளது, எங்கள் கன்டெய்னர் வெள்ளிக்கிழமை காலை தூத்துக்குடிக்குப் புறப்படுவதால் மீதியை அனுப்பிவிட்டு பில்லைத் திருத்தி வியாழக்கிழமைக்குள் தெரியப்படுத்தவும், டிரைவரிடம் நனைந்த பெட்டிகளைக் காட்டியாகிவிட்டது."

அலுவலகங்களில் தினமும் பார்க்கிற மடல்தான். எழுத்துப்பிழை இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை. சொல்ல வேண்டிய எல்லாம் உள்ளே இருக்கிறது. ஆனால் இதைப் படிக்கும் சப்ளையர் என்ன செய்வார்?

"மீதியை அனுப்பிவிட்டு" என்றால் எத்தனை பெட்டி? வராமல் போனவை 60. நனைந்தவற்றையும் சேர்த்தால் 95. சப்ளையர் 60 என்று எடுத்துக்கொண்டால் அவர் மீது குறை சொல்ல முடியாது. அடுத்து, "வியாழக்கிழமைக்குள்" என்ற கெடு எதற்கு? வாக்கியத்தில் அது "தெரியப்படுத்தவும்" என்ற சொல்லோடுதான் ஒட்டியிருக்கிறது. வியாழக்கிழமை மாலை ஒரு போன் செய்து "நாளை மதியம் வண்டி கிளம்பும்" என்று சொன்னாலே சப்ளையர் சொன்னபடி செய்தவர் ஆகிவிடுவார். கன்டெய்னரோ வெள்ளிக்கிழமை காலையே போய்விடும். மூன்றாவது சிக்கல் பில்லில் இருக்கிறது. குறைந்த பெட்டிகள் வந்து சேர்ந்துவிட்டால் 600 பெட்டிக்கான பில் சரியாகிவிடுமே, பிறகு ஏன் அதைத் திருத்த வேண்டும்?

இந்த மூன்று குழப்பங்களும் பிறந்தது, தனித்தனி வாக்கியங்களாக நிற்க வேண்டியவற்றைக் கமாவால் ஒட்டியதால். ஆங்கில இலக்கணத்தில் இதற்குக் காமா ஸ்ப்ளைஸ் என்று பெயர்: முழுமையான இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே முற்றுப்புள்ளியோ இணைப்புச் சொல்லோ வைக்காமல் கமாவை மட்டும் வைப்பது. அந்தக் கமாவும் இல்லாமல் ஒன்றன் மீது ஒன்று ஏறி ஓடினால் அது ரன்-ஆன். 1918இல் அமெரிக்கப் பேராசிரியர் வில்லியம் ஸ்ட்ரங்க் தம் மாணவர்களுக்காக அச்சிட்ட சிறு கையேட்டிலேயே, தனித்து நிற்கும் வாக்கியங்களைக் கமாவால் இணைக்காதீர்கள் என்பது ஐந்தாவது விதியாக வந்துவிட்டது.

தமிழில் இந்தப் பழக்கம் வருவதற்குத் தனிக் காரணம் உண்டு. பேசும்போது ஒரு செய்தியை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும் முன் சிறிதாக மூச்சு விடுகிறோம். கைபேசியில் தட்டச்சு செய்பவர் அந்த மூச்சைக் கமாவாக எழுதிவிடுகிறார். ஆகவே, எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது இந்தப் பிழைக்கு அவ்வளவாக உதவாது. கமா இருக்கும் இடத்தில் மூச்சும் சரியாக விழும், காதுக்குத் தவறாகவே தெரியாது. கண்ணால்தான் தேட வேண்டும். தேட வேண்டியது முற்றுவினையை.

பள்ளியில் படித்ததுதான். "வந்தன", "இருக்கிறோம்", "அனுப்பவும்" போலச் செய்தியை முடித்து நிற்பது முற்றுவினை. "வந்து", "வந்தால்", "வராமல்" என்று அடுத்த வினைக்காகக் காத்து நிற்பது எச்சம். முற்றுவினை வந்துவிட்டால் அந்த வாக்கியம் முடிந்துவிட்டது. அதற்குப் பின் கமா இருந்தால் அங்கே பெரும்பாலும் முற்றுப்புள்ளிதான் இருக்க வேண்டும். மேலே உள்ள மடலில் தேடினால் ஆறு கிடைக்கின்றன: வந்தன, இருந்தன, வைத்திருக்கிறோம், போடப்பட்டுள்ளது, தெரியப்படுத்தவும், காட்டியாகிவிட்டது. கடைசியைத் தவிர ஐந்துக்கும் பின்னால் கமா. வினையே இல்லாமல், "மொத்தத் தொகை 18,000 ரூபாய்" என்பதுபோல் பெயரில் முடியும் வாக்கியங்களும் உண்டு. அவற்றுக்கும் இதே கணக்குதான்.

ஐந்து கமாக்களையும் முற்றுப்புள்ளியாக மாற்ற அரை நிமிடம் போதும். மடல் உடனே படிக்கக்கூடியதாகிவிடும். ஆனாலும் முக்கியமான சிக்கல் அப்படியே இருக்கும். "மீதியை அனுப்பிவிட்டு பில்லைத் திருத்தி வியாழக்கிழமைக்குள் தெரியப்படுத்தவும்" என்பது இலக்கணப்படி ஒரே வாக்கியம். முற்றுவினை ஒன்றுதான். ஆனால் அதற்குள் மூன்று வேலைகள் இருக்கின்றன.

தமிழின் வசதி இதுதான், ஆபத்தும் இதுதான். "செய்து, முடித்து, அனுப்பி, பெற்று" என்று எச்சங்களை எத்தனை வேண்டுமானாலும் கோத்துக்கொண்டே போகலாம். "செய்து" என்ற வகை எச்சத்துக்கு மட்டும் ஒரு கட்டுப்பாடு உண்டு. எச்சத்தைச் செய்தவரே முற்றுவினையையும் செய்ய வேண்டும் என்று தொல்காப்பியமும் நன்னூலும் சொல்கின்றன. பேச்சில் இது பலமுறை நெகிழ்ந்தாலும், அலுவலக மடலுக்கு நல்ல அளவுகோல். செய்பவர் மாறும் இடத்தில் வாக்கியத்தை வெட்ட வேண்டும். செய்பவர் மாறாவிட்டாலும் கெடு மாறினால் வெட்ட வேண்டும். ஒரே ஆளுக்கு மூன்று வேலை சொல்லும்போது, ஒவ்வொன்றுக்கும் "எப்போதுக்குள்?" என்று கேட்டுப் பார்த்தால் வெட்ட வேண்டிய இடம் தெரிந்துவிடும்.

பொறுப்பாளர் அப்படிக் கேட்டுப் பார்க்கிறார். பெட்டிகள் எப்போதுக்குள்? வியாழக்கிழமை மாலைக்குள், கிடங்கிலேயே இருக்க வேண்டும். தகவல் எப்போதுக்குள்? முடியாது என்றால் இன்றே தெரிய வேண்டும், அப்போதுதான் வேறு கடையில் வாங்க அவகாசம் இருக்கும். பில்? அதைப் பற்றித் தாம் இன்னும் முடிவே எடுக்கவில்லை என்பது இப்போதுதான் அவருக்குத் தெரிகிறது. பெட்டி வந்தால் ஒன்று, வராவிட்டால் வேறொன்று. நீண்ட வாக்கியத்தில் "பில்லைத் திருத்தி" என்ற இரண்டு சொற்கள் அந்த முடிவெடுக்காத நிலையை மூடி வைத்திருந்தன. அவற்றைத் தனி வாக்கியமாக எழுத முயன்றபோதுதான் பாதி யோசனை வெளியே வந்தது. மடல் இப்படி மாறுகிறது:

"வணக்கம் சார்.

3ஆம் தேதி ஆர்டரில் எங்களுக்கு 95 பெட்டிகள் குறைகின்றன.

600 பெட்டிகளுக்கு 540 தான் நேற்று மாலை வந்தன. அவற்றில் 35 பெட்டிகள் மழையில் நனைந்து மூலை நசுங்கியிருப்பதால் பேக்கிங்குக்கு ஆகாது. அவற்றை உங்கள் டிரைவரிடம் காட்டிவிட்டுத் தனியாக வைத்திருக்கிறோம்.

எங்கள் கன்டெய்னர் வெள்ளிக்கிழமை காலை தூத்துக்குடிக்குப் புறப்படுவதால், 95 பெட்டிகளும் வியாழக்கிழமை மாலை 5 மணிக்குள் எங்கள் கிடங்குக்கு வந்துசேர வேண்டும். முடியாது என்றால் இன்று மாலைக்குள் போனில் சொல்லிவிடுங்கள்.

பில் 600 பெட்டிகளுக்குப் போடப்பட்டுள்ளது. 95 பெட்டிகளும் வந்துவிட்டால் அதே பில்லை வைத்துக்கொள்கிறோம். வராவிட்டால் அந்த எண்ணிக்கைக்குக் கிரெடிட் நோட் அனுப்பவும்."

டிரைவர் பற்றிய வரி எங்கே போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பழைய மடலில் அது கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்தது. எழுதி முடித்த பிறகு ஞாபகம் வந்ததைக் கமா போட்டுச் சேர்த்ததன் அடையாளம் அது. இப்போது நனைந்த பெட்டிகளுக்குச் சாட்சியாக அவற்றின் பக்கத்திலேயே நிற்கிறது. எண்ணிக்கையும் முதல் வரிக்கு வந்துவிட்டது.

இங்கே நீளமான வாக்கியமும் ஒன்று இருக்கிறது: "கன்டெய்னர் புறப்படுவதால்" என்று தொடங்குவது. அதை உடைக்காமல் விட்டதற்குக் காரணம் உண்டு. காரணமும் அதன் விளைவும் சேர்ந்ததுதான் ஒரு கருத்து. கன்டெய்னர் புறப்படுவதைத் தனியே சொன்னால் அது வெறும் செய்தி. கெடுவோடு சேர்த்துச் சொன்னால் அந்தக் கெடு ஏன் நெகிழாது என்பது சப்ளையருக்குப் புரிகிறது. அங்கே உள்ள கமாவும் பிழையில்லை. அது "புறப்படுவதால்" என்ற சொல்லின் பின்னால் நிற்கிறது, முற்றுவினையின் பின்னால் நிற்கவில்லை.

ஒரு வாக்கியத்துக்கு ஒரு கருத்து என்பதை ஒரு வாக்கியத்துக்கு ஒரு வினை என்று புரிந்துகொள்பவர்களும் உண்டு. "பெட்டி வந்தது. எண்ணினோம். 540 இருந்தன. 35 நனைந்திருந்தன. எடுக்கவில்லை." இதில் எந்தக் குழப்பமும் இல்லை. ஆனால் எது எதற்குக் காரணம் என்பது அழிந்துபோகிறது, தொனியும் தந்தி போல் கடுமையாகிவிடுகிறது. 35 பெட்டிகளை ஏன் எடுக்கவில்லை என்பதைச் சொல்ல "நனைந்திருப்பதால்" என்ற சொல் அங்கே வேண்டும்.

"எனவே", "ஆகவே", "இருப்பினும்" ஆகிய சொற்களிலும் கவனம் தேவை. "சரக்கு தாமதமாகிறது, எனவே பணம் அடுத்த வாரம் தருகிறோம்" என்று எழுதும்போது இணைப்புச் சொல் போட்டுவிட்டோம் என்ற நிம்மதி வரும். ஆனால் "தாமதமாகிறது" என்பது முற்றுவினை. முற்றுப்புள்ளி வைத்து "எனவே" என்று புதிய வாக்கியம் தொடங்கலாம், அல்லது "தாமதமாவதால்" என்று மாற்றி ஒரே வாக்கியமாக்கலாம். ஆங்கிலத்தில் மடல் எழுதுபவர்களும் இதே இடத்தில்தான் இடறுகிறார்கள். அங்கே 'ஆண்ட்', 'பட்', 'ஸோ' போன்றவை கமாவுக்குப் பின் இரண்டு வாக்கியங்களை இணைக்கலாம். 'தேர்ஃபோர்', 'ஹவ்எவர்' இரண்டும் அப்படி இணைக்கும் சொற்கள் அல்ல. அவற்றுக்கு முன்னால் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும்.

முற்றுவினைக்குப் பின் கமா தகுந்து வரும் இடங்களும் இருக்கின்றன. "பெட்டி வந்தது, பில் வரவில்லை" என்பது போலச் சின்னதாகவும் ஒரே வார்ப்பிலும் உள்ள இரண்டு வாக்கியங்களைக் கமாவால் நிறுத்துவது தமிழில் இயல்பு. ஸ்ட்ரங்க் கையேடும் ஆங்கிலத்தில் அத்தகைய குறுஞ்சோடிகளுக்கு விலக்கு தருகிறது. ஒன்று செய்தியாகவும் மற்றது கோரிக்கையாகவும் இருக்கும்போது அந்த விலக்கு பொருந்தாது. "பில் வரவில்லை, இன்று அனுப்பவும்" என்பதில் கோரிக்கை செய்தியின் வாலாகிவிடுகிறது.

எல்லா மடலையும் இப்படி அலசத் தேவையில்லை. "கிடைத்தது, நன்றி" என்று போகும் பதிலை அப்படியே அனுப்பலாம். எண்ணிக்கை, தேதி, பணம் ஆகிய மூன்றில் ஒன்றாவது இருக்கும் மடலில் மட்டும், அனுப்பும் பொத்தானை அழுத்தும் முன் கமாக்களை மட்டும் ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்து, ஒவ்வொன்றுக்கும் முன்னால் இருப்பது முற்றுவினையா என்று சரிபார்த்தால் போதும்.