கால்விரலில் ஊதாத் தடிப்பு: குளிரும் திடீர்ச் சூடும் சேர்ந்து தரும் தொல்லை

தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் இங்கிலாந்துக்குப் படிக்கவும் வேலை பார்க்கவும் போகிறவர்களில் சிலருக்கு முதல் குளிர்காலத்திலேயே இந்தத் தொல்லை தொடங்கிவிடுகிறது. கால்விரல்கள் தடித்து வீங்குகின்றன. தோல் ஊதாவாகவோ கருஞ்சிவப்பாகவோ மாறுகிறது. இரவில் போர்வைக்குள் கால் சூடேறியதும் தூங்கவிடாத அரிப்பும் எரிச்சலும் எடுக்கின்றன. சேற்றுப்புண் என்று நினைத்து ஒருவர் பூஞ்சைக் களிம்பு தடவுவார். மூட்டைப்பூச்சி கடித்துவிட்டது என்று இன்னொருவர் மெத்தையைப் புரட்டிப் பார்ப்பார். புது ஷூ கடித்திருக்கும் என்று மற்றொருவர் விட்டுவிடுவார். பெரும்பாலும் இது அந்த மூன்றுமே இல்லை. ஆங்கிலேயர்கள் இதைச் 'சில்பிளெய்ன்' என்கிறார்கள். மருத்துவர்கள் 'பெர்னியோ' என்று எழுதுவார்கள்.

இது தொற்று நோய் அல்ல. குளிருக்குத் தோலின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் காட்டும் அழற்சி. கால்விரல், கைவிரல், குதிகால், காது மடல், மூக்கு நுனி என்று உடலின் ஓரங்களில்தான் வரும். பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். ஆனால் எப்படி வருகிறது என்று தெரியாவிட்டால், அதைத் தணிக்க நாம் செய்கிற காரியமே அடுத்த தடிப்புக்கு வழி செய்துவிடும்.

உறைபனி வேண்டியதில்லை

கால் உறைந்து போகும் அளவு குளிர் இருந்தால்தான் இப்படி ஆகும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் 0 முதல் 15 டிகிரி செல்சியஸ் வரையான ஈரக் குளிரே இதற்குப் போதும். கனடா போன்ற கடுங்குளிர் நாடுகளைவிட இங்கிலாந்தில் இது அதிகம் பேசப்படுவதற்கும் அதுவே காரணம். வெளியே மைனஸ் 20 டிகிரி என்றால் யாரும் சாதாரண ஷூவோடு நடக்கமாட்டார்கள். வீடுகளும் அந்தக் குளிருக்கென்றே கட்டப்பட்டு உள்ளே கதகதப்பாக இருக்கும். இங்கிலாந்தின் நவம்பர் மாதம் வேறு மாதிரி. வெளியே 6 டிகிரி, ஓயாத தூறல், நனைந்த நடைபாதை. பழைய செங்கல் வீடுகளில் சூடு நிற்பதில்லை. கட்டணத்துக்குப் பயந்து பலர் ஹீட்டரைச் சில மணி நேரம்தான் ஓடவிடுகிறார்கள். கால் உறைவதில்லை, ஆனால் நாள் முழுக்கச் சில்லிட்டும் ஈரமாகவும் கிடக்கிறது.

குளிர் பட்டதும் உடல் தன் நடுப்பகுதியின் சூட்டைக் காப்பாற்றப் பார்க்கிறது. கை கால்களின் தோலுக்குப் போகும் சிறு ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. பெரும்பாலோருக்கு இவை அவ்வப்போது சற்றே திறந்து விரல்களுக்குச் சூடு கொடுத்துவிட்டு மீண்டும் மூடும். சில்பிளெய்ன் வருகிறவர்களுக்கு அந்தச் சுருக்கம் நீடித்து, தோலுக்குப் பிராணவாயு குறைகிறது. இந்த நிலையில் சட்டென்று சூடு காட்டினால் ரத்தத்தைக் கொண்டுவரும் குழாய்கள் விரைந்து விரிகின்றன. அதைத் திருப்பி எடுத்துச்செல்லும் குழாய்களோ அதே வேகத்தில் விரிவதில்லை. மதகை முழுதாகத் திறந்துவிட்டு வடிகாலை அடைத்து வைத்தால் தண்ணீர் வரப்பு மீறி வயலில் பரவும் அல்லவா, அப்படித்தான் இங்கே நீர் திசுக்களுக்குள் கசிகிறது. வீக்கம் வருகிறது. அழற்சி செல்கள் அங்கே கூடுகின்றன. அரிப்பும் எரிச்சலும் ஊதா நிறமும் இதன் விளைவுகள்.

ஒரு மாணவியின் நாள்

வட இங்கிலாந்தில் ஒரு பழைய வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் மாணவி ஒருவரை நினைத்துக்கொள்வோம். மெலிந்த உடல்வாகு. காலையில் தூறலில் துணி ஷூவோடு பேருந்துக்கு நடக்கிறார். சாக்ஸ் நனைகிறது. வகுப்பில் அதே சாக்ஸோடு உட்கார்ந்திருக்கிறார். மாலையில் கடையொன்றின் குளிர்பதன அறையில் பகுதிநேர வேலை. ஷூ சற்று இறுக்கம். குளிருக்கு என்று அதற்குள் இரண்டு தடித்த சாக்ஸ் போட்டிருப்பதால் இன்னும் இறுக்கம். இரவு வீடு திரும்பும்போது விரல்கள் மரத்திருக்கின்றன. அறையில் 14 டிகிரிதான். ரேடியேட்டர் சூடானதும் காலை அதன்மேல் வைத்துவிடுகிறார். அந்த நிமிடம் சுகமாக இருக்கிறது.

மறுநாள் பிற்பகல் சுண்டுவிரலிலும் அதற்கு அடுத்த விரலிலும் அரிப்பு தொடங்குகிறது. தடிப்பு பெரும்பாலும் குளிர் பட்ட 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைகாட்டும். இந்த இடைவெளியால்தான் பலர் முந்தைய நாள் குளிரோடு இதைச் சேர்த்துப் பார்ப்பதில்லை. ஷூவின் அழுத்தம் அதிகம் விழும் விரல்களில் ரத்த ஓட்டம் ஏற்கெனவே குறைவு என்பதால் அவை முதலில் பாதிக்கப்படுகின்றன.

மேலும் குளிர் படாமல் இருந்தால் தடிப்பு 1 முதல் 3 வாரத்தில் அடங்கிவிடும். ஆனால் இந்த மாணவி தினமும் அதே ஷூ, அதே குளிரறை, அதே ரேடியேட்டர் என்று இருக்கிறார். பழையது ஆறுவதற்குள் அடுத்த விரலில் புதியது வருகிறது. அவருக்கு இது இரண்டு மாதமாக ஆறாத ஒரே நோயாகத் தோன்றும். உண்மையில் ஒவ்வொரு நாள் குளிரும் புதிதாக ஒன்றைத் தொடக்கிவைக்கிறது.

கண்டறிவது எப்படி

பாடநூல் படங்களில் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் பளிச்சென்ற சிவப்புத் தடிப்பே இருக்கும். நம் பழுப்புத் தோலில் அந்தச் சிவப்பு தெரியாமல் போகலாம். கருமை கூடிய ஊதாத் திட்டாகவோ, சுற்றியுள்ள தோலைவிடச் சற்றே பளபளக்கும் வீக்கமாகவோ இருக்கும். நிறத்தை மட்டும் நம்பாமல் வீக்கம், தொட்டால் வலி, சூடேறும்போது அரிப்பு என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சேற்றுப்புண் பெரும்பாலும் விரல் இடுக்கில் வரும். தோல் வெளுத்து ஊறி உரியும். சில்பிளெய்ன் விரலின் மேற்புறத்திலோ பக்கவாட்டிலோ வரும். ரேனாட் என்ற இன்னொரு குளிர்க் கோளாறில் விரல் முதலில் வெண்மையாகி, பிறகு நீலமாகி, கடைசியில் சிவக்கும். சூடு கிடைத்த சிறிது நேரத்தில் பழையபடி ஆகிவிடும். சில்பிளெய்ன் நாள்கணக்கில் நிற்கும். உறைபனிக் காயம் இவற்றிலிருந்து முற்றிலும் வேறு. அதில் தோலே உறைந்து, உணர்ச்சியற்று, மெழுகுபோல் வெளிறிக் கெட்டியாகும். அதற்கு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மருந்து எவ்வளவு தூரம் உதவும்

ரத்தக் குழாய்களை விரிக்கும் நிஃபெடிபின் மாத்திரையை மருத்துவர்கள் சிலருக்குத் தருவதுண்டு. தொடக்க கால ஆய்வுகள் அதற்கு ஆதரவாக இருந்தன. ஆனால் நாள்பட்ட சில்பிளெய்ன் உள்ளவர்களிடம் நெதர்லாந்தில் பின்னர் நடந்த ஆய்வில் வெற்று மாத்திரையைவிட அது மேலான பலன் தரவில்லை. பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு களிம்புக்கும் அங்கே அதே முடிவுதான் கிடைத்தது. நிஃபெடிபின் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும். தலைவலியும் கணுக்கால் வீக்கமும் தரலாம். ஆகவே அதை நாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. கடும் தொல்லை உள்ளவர்களுக்கு மருத்துவர் பார்த்து முடிவு செய்வார்.

மருந்தை அதிகம் நம்ப முடியாது என்பதால்தான் தடுப்பு இங்கே இவ்வளவு முக்கியமாகிறது. வந்துவிட்ட தடிப்பைச் சொறியாமல் இருப்பது அவசியம். சொறிந்து தோல் கிழிந்தால் புண்ணாகும், கிருமி சேரும். மணமில்லாத ஈரப்பதக் களிம்பு தடவினால் தோல் வெடிக்காமல் இருக்கும்.

தடுப்பது எப்படி

அந்த மாணவியின் நாளையே திருப்பிப் பார்த்தால் எங்கெங்கே மாற்ற வேண்டும் என்பது தெரியும். முதலாவது ஈரம். துணி ஷூவுக்குப் பதில் தண்ணீர் புகாத ஷூ வேண்டும். பையில் ஒரு ஜோடி உலர்ந்த சாக்ஸ் எப்போதும் இருக்க வேண்டும். வகுப்புக்குப் போனதும், வேலைக்குப் போகும் முன்னும் மாற்றிக்கொள்ளலாம். ஈரமான பருத்தி சாக்ஸ் சூட்டை வேகமாக இழக்கும். கம்பளி சாக்ஸ் ஓரளவு ஈரத்திலும் சூடு காக்கும்.

இரண்டாவது இறுக்கம். தடித்த சாக்ஸை இறுக்கமான ஷூவில் திணிப்பதைவிட ஒரே சாக்ஸை அளவான ஷூவில் போடுவது மேல். ஷூவுக்குள் விரல்களை அசைக்க முடிய வேண்டும். முடியாவிட்டால் சாக்ஸ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பயனில்லை.

மூன்றாவது உடம்பு. விரலுக்கு ரத்தம் போவது விரலைப் பொறுத்தது மட்டுமல்ல. மார்பும் வயிறும் குளிர்ந்தால் உடல் முதலில் விரல்களின் ரத்தத்தைத்தான் குறைக்கும். எனவே உள்சட்டை, கம்பளிச் சட்டை, தொப்பி ஆகியவையும் கால்விரலுக்கான பாதுகாப்புதான். கையுறையைக் கை சில்லிட்ட பிறகு தேடாமல் வெளியே கிளம்பும் முன்பே போட வேண்டும். இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அறிவுரை, வீட்டைக் குறைந்தது 18 டிகிரியில் வைத்திருக்கச் சொல்கிறது. முழு வீட்டையும் சூடாக்க வசதி இல்லாதவர்கள், உட்காரும் அறையையாவது அப்படி வைக்கலாம். ஒரே இடத்தில் நெடுநேரம் உட்காராமல் அவ்வப்போது எழுந்து நடக்க வேண்டும். புகைபிடிப்பது ரத்தக் குழாய்களைச் சுருக்கும் என்பதால் அதை விடுவது நல்லது.

நான்காவதுதான் பலரும் தவறுவது: திரும்பி வந்தபின் சூடேற்றும் விதம். ரேடியேட்டர், நெருப்பு, சுடுநீர்ப் பை, சுடுநீர்த் தொட்டி எதன்மீதும் குளிர்ந்த விரல்களை வைக்கக் கூடாது. ஈரத்தைத் துடைத்து, உலர்ந்த சாக்ஸ் போட்டு, கதகதப்பான அறையில் மெல்லச் சூடேற விட வேண்டும். கால்விரல்களை மடக்கி விரித்தால் அதுவே போதும். சுடுநீர்ப் பை வேண்டுமானால் படுப்பதற்கு முன் படுக்கையைச் சூடாக்கி, கால் வைக்கும் முன் எடுத்துவிடலாம்.

மருத்துவரிடம் எப்போது

நீரிழிவு உள்ளவர்கள் காலில் தடிப்பைக் கண்டவுடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். உணர்ச்சி குறைந்த பாதத்தில் சிறு புண்ணும் பெரிதாகும் வரை தெரியாது. மற்றவர்கள், கொப்புளமோ சீழோ புண்ணோ வந்தாலும், 2 அல்லது 3 வாரத்தில் அடங்காவிட்டாலும், மீண்டும் மீண்டும் வந்தாலும் போக வேண்டும். குளிர்காலம் முடிந்தும் தடிப்பு நீடித்தால், கூடவே மூட்டு வலியோ முகத்தில் தடிப்போ இருந்தால், லூபஸ் போன்ற நோய் அடியில் இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்வார்கள்.

ஒரு குளிர்காலம் இது வந்தவர்களுக்கு அடுத்த ஆண்டும் வரும் வாய்ப்பு அதிகம். அவர்கள் முதல் தடிப்பைப் பார்க்கும் வரை காத்திருக்க வேண்டாம். அக்டோபரிலேயே அளவான ஷூவும் கம்பளி சாக்ஸும் வாங்கி வைத்து, முதல் குளிர் நாளிலிருந்தே போடத் தொடங்கிவிட வேண்டும்.