பந்து எங்கே போய் நிற்கும்?

மெஷின் லேர்னிங் படிக்க ஆரம்பிப்பவர்கள் முதல் சில வகுப்புகளிலேயே எதிர்கொள்ளும் பெயர் கிரேடியன்ட் டிசென்ட். கூடவே ஒரு படமும் வரும். மலைச்சரிவில் ஒரு பந்து. அது உருண்டு உருண்டு பள்ளத்தில் போய் நிற்கிறது. நல்ல படம்தான். ஆனால் அதை முழுசாக நம்பிவிட்டால், பிறகு ஒருநாள் திரையில் பிழை குறையாமல் ஏறிக்கொண்டே போகும்போது ஒன்றும் புரியாது. உருளும் பந்து மேட்டில் ஏறுமா என்ன? ஆகவே பந்தோடு கொஞ்ச தூரம் போவோம். அது எந்த இடத்தில் நம்மைக் கைவிடுகிறது என்பதையும் பார்த்துவிடுவோம். ஒரு பேனாவும் தாளும் இருந்தால் போதும்.

ஆட்டோவில் இரண்டு சவாரி போனோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 கிலோமீட்டருக்கு 30 ரூபாய் ஆனது, 2 கிலோமீட்டருக்கு 50 ரூபாய். இதை வைத்து மற்ற தூரங்களுக்கும் கட்டணத்தை ஊகிக்க ஒரு விதி வேண்டும். இருப்பதிலேயே எளிய விதி, தூரத்தை ஏதாவது ஓர் எண்ணால் பெருக்குவது. அந்த எண்ணை w என்போம். கணக்கு சின்னதாக இருக்கட்டும் என்பதற்காக ரூபாயைப் பத்துப் பத்தாக எண்ணுவோம். 30 என்பது 3, 50 என்பது 5.

w-க்கு 3 போட்டால் முதல் சவாரி சரியாக வருகிறது. இரண்டாவதற்கு 6 என்று சொல்கிறது; உண்மை 5. w-க்கு 2.5 போட்டால் இரண்டாவது சரி, முதலாவது அரை குறைகிறது. இரண்டையும் ஒருசேரச் சரியாகச் சொல்லும் w கிடையாது. அதனால், எது குறைவாகத் தவறுகிறது என்று அளக்க ஒரு முறை வேண்டும். ஒவ்வொரு சவாரியிலும் எவ்வளவு தவறியது என்று பார்த்து, அதன் வர்க்கத்தை எடுத்து, இரண்டுக்கும் சராசரி காண்பது வழக்கம். w = 0 என்றால் தவறுகள் 3, 5. வர்க்கங்கள் 9, 25. சராசரி 17. w = 3 என்றால் தவறுகள் 0, 1; சராசரி 0.5. இந்தச் சராசரிதான் ‘பிழை’. விரித்து எழுதினால் அது இப்படி வரும்:

பிழை = 2.5w² − 13w + 17

w-ஐ இடமிருந்து வலமாகவும் பிழையை உயரமாகவும் வைத்து வரைந்தால் U வடிவத்தில் ஒரு பள்ளம் தெரியும். பந்தை எங்கே வைத்தாலும் உருண்டு அடிக்குப் போகும். அடியில் இருக்கும் w-தான் நமக்கு வேண்டிய எண்.

பந்துக்குக் கண் கிடையாது. பள்ளத்தின் அடி எங்கே, எவ்வளவு தொலைவில் என்று அதற்குத் தெரியாது. தான் தொட்டுக்கொண்டிருக்கும் இடம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். கிரேடியன்ட் டிசென்ட்டும் அப்படியே. w = 0-இல் நிற்கிறோம், பிழை 17. w-ஐ 0.01 மட்டும் நகர்த்திப் பார்த்தால் பிழை 16.87025 ஆகிறது. 0.01 நகர்ந்ததற்கு 0.12975 இறங்கியிருக்கிறது. ஒன்றை மற்றதால் வகுத்தால் 12.975, ஏறக்குறைய 13. அதாவது இந்த இடத்தில் w ஏற ஏற, பிழை 13 மடங்கு வேகத்தில் இறங்குகிறது. இறக்கம் என்பதால் −13 என்று எழுதுவோம். பள்ளிக்கூடத்தில் வகையீடு படித்தவர்கள் இந்த நகர்த்தல் வேலை இல்லாமலே சாய்வு 5w − 13 என்று எழுதிவிடுவார்கள். w-க்குச் சுழியம் போட்டால் அதே −13 வரும்.

சாய்வு தெரிந்துவிட்டது. அதற்கு எதிர்த்திசையில் ஓர் அடி வைக்க வேண்டும். அடி எவ்வளவு நீளம்? சாய்வை ஒரு சின்ன எண்ணால் பெருக்கிக்கொள்வோம். அந்தச் சின்ன எண்ணுக்கு லேர்னிங் ரேட் என்று பெயர். இப்போதைக்கு 0.1.

புதிய w = பழைய w − 0.1 × சாய்வு

முதல் அடி: 0 − 0.1 × (−13) = 1.3. பிழை 17-இலிருந்து 4.325-க்கு விழுந்துவிட்டது. இரண்டாம் அடி: 1.3-இல் சாய்வு 5 × 1.3 − 13, அதாவது −6.5. எனவே w = 1.95, பிழை ஏறக்குறைய 1.16. மூன்றாம் அடியில் w = 2.275, பிழை 0.36. நான்காவதில் w = 2.4375, பிழை 0.17.

ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? லேர்னிங் ரேட்டை நாம் தொடவே இல்லை, ஆனாலும் அடிகள் தாமாகவே குறுகிக்கொண்டு வருகின்றன. 1.3, பிறகு 0.65, பிறகு 0.325. அடியை நெருங்க நெருங்கத் தரை சமமாகிறது, சாய்வு குறைகிறது, அடியின் நீளம் பாதி பாதியாகிறது. இப்படியே போனால் w 2.6-ஐ நெருங்கி அங்கே அடங்கிவிடும். அங்கே சாய்வு சுழியம்.

அங்கே பிழை எவ்வளவு என்று பார்த்தால் 0.1. சுழியம் இல்லை. ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று பலர் நினைப்பது இந்த இடத்தில்தான். தப்பு ஒன்றும் இல்லை. பள்ளத்தின் அடியே அந்த உயரத்தில்தான் இருக்கிறது. ஏறி உட்கார்ந்ததற்கே 10 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 20 ரூபாய் என்று கணக்குப் போட்டால் இரண்டு சவாரியும் அச்சாகப் பொருந்தும். ஆனால் நம் விதியில் அந்தப் பத்து ரூபாய்க்கு இடமே வைக்கவில்லை. b என்று இன்னோர் எண்ணைச் சேர்த்தால் பிழை சுழியம் வரைக்கும் போகும். அப்போது w-க்கு ஒரு சாய்வு, b-க்கு ஒரு சாய்வு என்று இரண்டை அளந்து, இரண்டையும் ஒரே சமயத்தில் நகர்த்த வேண்டும். நியூரல் நெட்வொர்க்கில் இப்படிப்பட்ட எண்கள் லட்சம், கோடி என்று போகும். செய்யும் வேலை இதேதான்.

சாய்வு சுழியமாகும் இடம்தானே வேண்டும், 5w − 13 = 0 என்று போட்டு 13-ஐ 5-ஆல் வகுத்தால் ஒரே வரியில் 2.6 கிடைத்துவிடுமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இந்தக் கணக்குக்கு அதுவே சரியான வழி. கோடி எண்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும்போது அப்படித் தீர்க்கக்கூடிய சமன்பாடு அமைவதில்லை. ஆனால் நிற்கும் இடத்துச் சாய்வை அளப்பது மட்டும் அப்போதும் முடியும். பிரெஞ்சுக் கணித அறிஞர் அகஸ்டின் கோஷி 1847-இல் இந்த முறையை எழுதி வைத்தார். அவர் மனதில் இருந்தது வானியல் கணக்குகளில் வரும் சமன்பாடுகள்.

இனி, பந்து நம்மைக் கைவிடும் இடத்துக்கு வருவோம். உண்மையான பந்து தரையை விட்டு எழும்பாமல் உருள்கிறது. வழியில் உள்ள ஒவ்வொரு புள்ளியையும் தொட்டுக்கொண்டு போகிறது. நம் கணக்கு அப்படி இல்லை. ஓர் இடத்தில் சாய்வை அளக்கிறது, தாவுகிறது, விழுந்த இடத்தில் மறுபடி அளக்கிறது. நடுவில் என்ன இருந்தது என்று அதற்குத் தெரியாது. பள்ளத்தின் அடியே நடுவில் இருந்திருந்தாலும் தாண்டிப் போயிருக்கும்.

லேர்னிங் ரேட்டை 0.3 ஆக்கிப் பாருங்கள். முதல் தாவலிலேயே w = 3.9; அடியைத் தாண்டி எதிர்ச்சரிவில் விழுந்துவிட்டது. அடுத்தது 1.95, அதற்கடுத்தது 2.925. இடமும் வலமுமாக ஆடினாலும் மெல்ல மெல்ல 2.6-க்கு வந்துவிடும். 0.4 ஆக்கினால் 0, 5.2, 0, 5.2 என்று இரண்டு இடங்களுக்கிடையே காலம் முழுக்கத் தாவிக்கொண்டிருக்கும். 0.5 ஆக்கினால் 6.5, −3.25, 11.375 என்று ஒவ்வொரு தாவலும் பள்ளத்தை விட்டு இன்னும் தள்ளி, இன்னும் உயரத்தில் கொண்டுபோய் விடும். பிழை 17-இலிருந்து 38, பிறகு 86. திரையில் பிழை ஏறுவதன் ரகசியம் இதுதான். மறுகோடியில், 0.01 வைத்தால் ஆபத்து எதுவும் இல்லை. ஆனால் ஓர் அடிக்கு மீதித் தூரத்தில் இருபதில் ஒரு பங்குதான் குறையும். நடந்து மாளாது.

அப்படியானால் 0.1 எப்போதும் நல்ல எண்ணா? இல்லை. புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். அதே இரண்டு சவாரி, அதே கட்டணம். தூரத்தை மட்டும் மீட்டரில் எழுதுங்கள், 1000, 2000 என்று. சாய்வு இப்போது 50,00,000w − 13,000. பள்ளம் கிணறு மாதிரி செங்குத்தாகிவிட்டது. 0.1 வைத்து முதல் அடி எடுத்தால் w = 1300. இரண்டாம் அடியில் w ஏறக்குறைய கழித்தல் 65 கோடி! இன்னும் சில அடிகள் ஓடவிட்டால் கணினியே எண்ணைப் பிடித்து வைக்க முடியாமல் `nan` என்று எழுதிவிடும். தரவில் ஒரு தவறும் இல்லை, நிரலிலும் இல்லை. அலகு மட்டும்தான் மாறியது. தரவைப் பயிற்சிக்குக் கொடுக்கும் முன் எல்லா எண்களையும் ஒரே மாதிரி சிறிய அளவுக்குக் கொண்டுவரச் சொல்வது சும்மா சம்பிரதாயத்துக்கு அல்ல.

பந்துக்கும் நம் கணக்குக்கும் இன்னொரு வேறுபாடும் உண்டு. பந்துக்கு எடை இருக்கிறது. உருண்ட வேகத்தை அது சேர்த்து வைத்துக்கொள்கிறது. நம் கணக்குக்கு முந்தைய அடி நினைவிலேயே இருக்காது. அந்த வேகத்தையும் கணக்கில் சேர்த்தால் என்ன என்று சோவியத் கணித அறிஞர் போரிஸ் போல்யக் 1964-இல் எழுதினார். அதற்குக் கனமான பந்து முறை என்றே பெயர் வந்தது. இன்று மொமெண்டம் என்கிறோம். நீண்டு குறுகிய பள்ளங்களில் இது மிகவும் உதவும். நம் சின்னப் பள்ளத்தில் தொல்லைதான். முந்தைய வேகத்தில் பத்தில் ஒன்பது பங்கை வைத்துக்கொண்டால் w 1.3, 3.12, 4.498 என்று அடியைக் கடந்து எதிர்மேட்டில் ஏறிவிட்டுத்தான் திரும்பும். அதாவது, பந்து உண்மையிலேயே செய்வதைச் செய்யும். என்னைக் கேட்டால், வகுப்பில் காட்டும் அந்தப் பந்துப் படம் இந்த முறைக்குத்தான் சரியாகப் பொருந்துகிறது.

நாம் கையால் போட்ட முழுக் கணக்கும் நிரலாக எழுதினால் இவ்வளவுதான்:

```python
w = 0.0
rate = 0.1
for i in range(10):
    slope = 5*w - 13
    w = w - rate*slope
    loss = 2.5*w*w - 13*w + 17
    print(i + 1, w, loss)
```

ஓட்டிப் பாருங்கள். பிறகு `rate` ஒன்றை மட்டும் 0.2 ஆக்கி இன்னொரு முறை ஓட்டுங்கள். ஒரே அடியில் 2.6-க்குப் போய் நின்றுவிடும். ஏன் என்பதைத் தாளில் நீங்களே போட்டுப் பாருங்கள். பெரிய மாதிரி ஒன்றைப் பயிற்றுவிக்கும்போதும் `loss` எண்ணைத்தான் முதலில் பாருங்கள். அது ஏறிக்கொண்டே போனால் வேறு எதையும் தொடும் முன் லேர்னிங் ரேட்டைப் பத்தில் ஒரு பங்காக்கி, தரவின் அலகுகளை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.