பந்தியில் பூக்கரைக்கு எது இடம்?

சித்திரைப் புத்தாண்டுக்கு எங்கள் வீட்டு மண்டபத்தில் 12 பேருக்குப் பந்தி வைத்தோம். எதிரெதிராக இரண்டு வரிசை. நடுவில் குத்துவிளக்கு, இலைகளுக்கு முன்னால் செவ்வந்திப் பூக்கரை. படத்துக்கு அழகாகவே இருந்தது. சோற்றுடன் வந்த சித்தி, "நான் எங்கால நடக்கிறது பிள்ளை?" என்று கேட்டார்.

பரிமாறுபவர் இலையின் முன்பக்கம் நின்று குனிந்தே வைப்பார். சேலைத் தலைப்பு சுடரில் பட்டால் ஆபத்து. மிதிபட்ட பூவோ வழுக்கும். உடனே விளக்கை மண்டபத்தின் கடைசிச் சுவரோரம், மின்விசிறிக் காற்றுப் படாத இடத்துக்கு மாற்றினோம். பூக்கரையைப் பாய்களுக்குப் பின்னால் சுவரடிக்குக் கொண்டுபோனோம். இலைகளுக்கு நடுவே நான்கு அடி வழி கிடைத்தது.

இலையைப் பாயில் அல்ல, துடைத்த தரையில், நுனி உண்பவரின் இடப்பக்கம் வர விரியுங்கள். பாயின் மேடுபள்ளத்தில் சொதி மடிக்கே ஓடிவரும்.