முதல் ஸ்கேன் நார்மல்னா கதை முடிஞ்சுதா?

இந்த எபிசோடில் நம்மோடு பேசியவர் குழந்தைகளுக்கான சிறுநீரக அறுவை நிபுணர். உரையாடலின் சுருக்கம் இது.

கேள்வி: கர்ப்பகால ஸ்கேன்ல "குழந்தையோட இடது கிட்னியில நீர் கோத்திருக்கு"ன்னு ரிப்போர்ட் வருது. அப்படின்னா என்ன டாக்டர்?

டாக்டர்: கிட்னியில சுரக்கிற சிறுநீர் முதல்ல சேர்ற இடம் ஒரு புனல் மாதிரி இருக்கும். அது விரிஞ்சிருந்தா ஹைட்ரோநெப்ரோசிஸ். கடைசி மூணு மாசத்துல அந்தப் புனலோட குறுக்களவு 7 மி.மீ. அல்லது அதுக்கு மேல இருந்தா, பிறந்த பிறகும் பார்க்கணும். லேசான வீக்கம் பெரும்பாலும் தானாவே சரியாயிடும்.

கேள்வி: பிறந்த அன்னைக்கே ஸ்கேன் எடுத்துடலாமே?

டாக்டர்: அங்கதான் ஏமாந்துடுவோம். முதல் ரெண்டு நாள் குழந்தைக்கு சிறுநீர் ரொம்பக் குறைவாத்தான் சுரக்கும். உள்ளே அடைப்பு இருந்தாலும் புனல் சுருங்கித் தெரியும். அதனால முதல் ஸ்கேன் 3 முதல் 7 நாளுக்குள்ள. அது நார்மலா இருந்தாலும் 4 முதல் 6 வாரத்துல இன்னொண்ணு கட்டாயம்.

ஒரு விதிவிலக்கு இருக்கு. ஆண் குழந்தை, ரெண்டு கிட்னியும் வீங்கி, சிறுநீர்ப்பை சுவரும் தடிச்சிருந்தா, சிறுநீர்க் குழாய்ல வால்வு அடைப்பு இருக்கலாம். அப்போ 24 முதல் 48 மணி நேரத்துக்குள்ள பார்த்தாகணும். இருக்கிறதே ஒரு கிட்னிதான், அதுலயும் வீக்கம்னாலும் அப்படித்தான்.

கேள்வி: நீங்க பார்த்த ஒரு குழந்தையை வச்சு சொல்லுங்களேன்.

டாக்டர்: வயித்துல இருக்கும்போது இடது பக்கம் 14 மி.மீ. பிறந்த ரெண்டாம் நாள் ஸ்கேன்ல 6. "சரியாப் போச்சு"ன்னு வீட்டுல எல்லாருக்கும் நிம்மதி. அடுத்த ஸ்கேனை விட்டுடலாம்னு இருந்தாங்க. அம்மா மட்டும் பிடிவாதமா அஞ்சாவது வாரம் கூட்டிட்டு வந்தாங்க. அளவு 19.

அடுத்தது ரீனோகிராம். லேசான கதிரியக்க மருந்தை ஊசியில ஏத்தி, எந்தக் கிட்னி எவ்வளவு வேலை செய்யுது, சிறுநீர் எவ்வளவு வேகமா இறங்குதுன்னு பார்க்கிற டெஸ்ட். கிட்னி கொஞ்சம் முதிரணும்னு ஆறு வாரத்துக்கு அப்புறம்தான் எடுப்போம். இடது கிட்னி 45 சதவீத வேலை செஞ்சுது. பாதிக்குப் பக்கம்தானே, அதனால அறுவை வேண்டாம்னு காத்திருந்தோம்.

மூணாம் மாசம் 21 மி.மீ. ஆறாம் மாசம் 26, கிட்னியோட வேலை 33 சதவீதம். அப்போதான் முடிவெடுத்தோம்.

கேள்வி: எந்தக் கணக்குல?

டாக்டர்: வீக்கம் மட்டும் காரணம் இல்லை. சிறுநீர் சரியா இறங்காம, கிட்னியோட பங்கு 40 சதவீதத்துக்குக் கீழே போனாலோ, முன்னாடி இருந்ததைவிட 10 சதவீதம் குறைஞ்சாலோ, வீக்கம் கூடிக்கிட்டே போனாலோ, தொற்று திரும்பத் திரும்ப வந்தாலோ யோசிப்போம். இந்தக் குழந்தைக்கு முதல் மூணுமே இருந்துது. பைலோபிளாஸ்டி செஞ்சோம்: புனலும் குழாயும் சேர்ற குறுகலான இடத்தை வெட்டி எடுத்துட்டு, அகலமா இணைக்கிறது. உள்ளே வச்ச ஸ்டென்ட்டை சில வாரத்துல எடுத்துட்டோம்.

கேள்வி: காத்திருக்கிற காலத்துல வீட்டுல எதைக் கவனிக்கணும்?

டாக்டர்: காய்ச்சல். சளி, இருமல் இல்லாம காய்ச்சல் வந்தா அன்னைக்கே யூரின் டெஸ்ட் எடுக்கணும். டாக்டர்கிட்ட கிட்னி வீக்கம் இருக்குன்னு முதல்லயே சொல்லிடுங்க. அப்புறம், எல்லா ரிப்போர்ட்டையும் ஒரே ஃபைல்ல வைங்க. ஒரு தனி அளவைவிட, அது கூடுதா குறையுதாங்கிறதுதான் எங்களுக்கு முடிவைச் சொல்லும்.