விற்ற வீட்டில் இன்னும் மூன்று வாரம்

வீட்டை விற்றுப் பணத்தையும் வாங்கிக்கொண்ட குடும்பம் அதே வீட்டில் இன்னும் சில வாரங்கள் குடியிருப்பது அமெரிக்காவில் சாதாரணமாக நடக்கிறது. அவர்கள் வாங்கப்போகும் அடுத்த வீட்டுக்கு இந்த வீட்டின் பணம் வேண்டும். பணம் கைக்கு வந்த பிறகுதான் அந்த வீட்டின் கிரயம் முடியும். நடுவில் இருக்கும் நாட்களில் மூட்டை முடிச்சுகளோடு எங்கே போவார்கள்? பள்ளிக்கூடம் முடிய இரண்டு வாரம் இருக்கிறது என்பதும் ஒரு காரணமாக இருக்கும். வீடுகளுக்குக் கடும் போட்டி இருந்த 2021-ல், வாடகையே வேண்டாம், தங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லி வீட்டைப் பிடித்தவர்களும் உண்டு.

டெக்சாஸில் இதை லீஸ்பேக் என்கிறார்கள். டல்லாஸுக்கு வடக்கே ஃப்ரிஸ்கோ, பிளேனோ பக்கம் வீடு தேடும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பழக்கமான சொல்தான். இதற்கென்று டெக்சாஸ் ரியல் எஸ்டேட் கமிஷன் ஓர் அச்சிட்ட படிவம் வைத்திருக்கிறது. சில பக்கங்கள்தான். அதில் நிரப்ப வேண்டிய கட்டங்களில் முக்கியமானவை, எத்தனை நாள், நாளுக்கு எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, சொன்ன தேதியில் போகாவிட்டால் நாளுக்கு எவ்வளவு என்பவை.

கிரயம் முடியும் நிமிடத்தில் இரு தரப்பின் நிலையும் தலைகீழாகிறது. அதுவரை பணம் வாங்குபவரிடம், வீடு விற்பவரிடம். கிரயம் முடிந்ததும் பணம், வீட்டின் அனுபவம் இரண்டுமே விற்றவரிடம். வாங்கியவர் கையில் இருப்பது பத்திரமும் அந்தச் சிறு முன்பணமும் மட்டுமே. சட்டப்படி அவர் வீட்டுக்காரர், விற்றவர் வாடகைக்காரர். வாடகைக்காரர் போகவில்லை என்றால் பூட்டை மாற்றித் தெருவில் நிறுத்த முடியாது. காலி செய்யச் சொல்லி எழுத்தில் அறிவித்து, ஜஸ்டிஸ் கோர்ட்டில் வழக்குப் போட்டுத்தான் வெளியேற்ற வேண்டும். அதனால் கட்டங்களில் எழுதும் எண்கள்தான் வாங்கியவருக்குப் பாதுகாப்பு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வாங்கியவர்களுக்கு அசல், வட்டி, சொத்து வரி, காப்பீடு எல்லாம் சேர்ந்து மாதம் 3,150 டாலர் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். முப்பதால் வகுத்தால் நாளுக்கு 105. நாள் வாடகையைப் பெரும்பாலும் இப்படித்தான் கணக்கிடுகிறார்கள். வாங்கியவருக்கு நஷ்டமில்லை, விற்றவருக்கும் நியாயம். 21 நாளுக்கு 2,205 டாலர். படிவத்தின்படி கிரயப் பணம் கைமாறும்போதே முழு வாடகையையும் கட்டிவிட வேண்டும். விற்றவர் தானாக ஒரு வாரம் முன்னதாகப் போய்விட்டாலும் அந்த வாரத்து வாடகை திரும்பி வராது. ஆகவே விற்பவர் நாட்களைத் தாராளமாகக் கேட்டு வைக்காமல் யோசித்துக் கேட்பது நல்லது.

தவணை தாண்டித் தங்கினால் கட்ட வேண்டிய தொகையில்தான் பலர் சறுக்குகிறார்கள். சங்கடப்பட்டுக்கொண்டு அதே 105-ஐ அங்கேயும் எழுதிவிடுகிறார்கள். நான்கு பேர் கொண்ட குடும்பம் ஹோட்டலில் தங்கி, சாமான்களைக் கிடங்கில் வைத்து, வண்டிக்கு இரண்டு தடவை கூலி கொடுத்தால் நாளுக்கு அதைவிட அதிகமாகும். அப்படியிருக்க அவர்கள் ஏன் அவசரப்படுவார்கள்? 300 டாலர் என்று எழுதினால் இருப்பதைவிடப் போவது மலிவு. இதைக் கேட்க வெட்கப்படத் தேவையில்லை. சொன்ன தேதியில் போகிறவருக்கு அந்த எண்ணால் ஒரு பைசா செலவு கிடையாது.

நாட்களின் உச்ச வரம்பில் ஒரு கண்ணி இருக்கிறது. இந்தப் படிவம் 90 நாட்களுக்கு மேற்படாத தங்கலுக்கானது. ஆனால் தானே குடியிருப்பதற்காக என்று வாங்கும் வழக்கமான வீட்டுக் கடனின் அடமானப் பத்திரம், கையெழுத்திட்ட 60 நாளுக்குள் கடன் வாங்கியவர் அந்த வீட்டில் குடியேற வேண்டும் என்கிறது. படிவம் இடம் கொடுக்கிறதே என்று 75 நாள் எழுதிக் கொடுத்தவர், தன் வங்கிக்குக் கொடுத்த வாக்கை மீறுகிறார். நாட்களைப் பேசும் முன்பே கடன் கொடுப்பவரிடம் கேட்டுவிட வேண்டும்.

அடுத்தது சேதம். படிவம், தங்கியிருக்கும் காலத்தில் வீட்டைப் பழுது பார்த்துப் பராமரிக்கும் செலவை விற்றவர் தலையில்தான் பொதுவாக வைக்கிறது. அவரோ அவரிடம் வந்துபோகிறவர்களோ உண்டாக்கிய சேதத்தையும் அவரே சரிசெய்ய வேண்டும். சாமான் ஏற்ற வந்த ஆட்கள் குளிர்சாதனப் பெட்டியை இழுத்து மரத்தரையில் நீளமாக ஒரு கீறல் போட்டால் அதில் வாதமே இல்லை. ஒன்பதாம் நாள் காலையில் பழைய வாட்டர் ஹீட்டர் தானாகவே செத்துப்போனால்தான் சண்டை. “உங்கள் வீடு, நீங்கள்தான் மாற்ற வேண்டும்” என்பார் விற்றவர். “குளிப்பது நீங்கள், பொறுப்பும் உங்களுடையது” என்பார் வாங்கியவர். ஆயுள் முடிந்து செத்த பெரிய கருவிகளை மாற்றும் செலவு வாங்கியவருடையது, சில்லறைப் பழுதும் கவனக்குறைவால் வந்த சேதமும் விற்றவருடையது என்று பிரித்துக்கொள்வது நியாயம் என்பது என் கருத்து. ஆனால் அது படிவத்தில் இல்லை. வேண்டுமென்றால் வழக்கறிஞரைக் கொண்டு தனி நிபந்தனையாக எழுத்தில் சேர்க்க வேண்டும்.

எது முன்பே இருந்த சேதம், எது புதியது என்பதற்கு ஆதாரம் வேண்டும். கிரயத்துக்கு முன் வாங்குபவர் வீட்டைக் கடைசியாகச் சுற்றிப் பார்ப்பார். ஆனால் லீஸ்பேக் வீட்டில் அன்று எல்லாச் சாமானும் இருக்கும். அலமாரிக்குப் பின்னால் சுவர் உடைந்திருப்பதும், கம்பளத்தின் கீழே தரை கறுத்திருப்பதும் தெரியாது. அதனால் அன்று தேதி தெரியும்படி ஒவ்வோர் அறையையும் வீடியோ எடுக்க வேண்டும். கனமான சாமான்களின் ஓரங்களையும் தரையையும் நெருக்கமாகப் படம் பிடிக்க வேண்டும். வீடு காலியானதும் இன்னொரு சுற்று, இரு தரப்பும் கூட நின்று பார்ப்பது நல்லது.

காப்பீட்டை இரு தரப்புமே மறந்துவிடுகிறார்கள். வீடு கைமாறிய பின் விற்றவரின் பழைய பாலிசியை நம்ப முடியாது. வாங்கியவரின் புதிய பாலிசி விற்றவரின் சோபாவையும் டிவியையும் காப்பாற்றாது. விற்றவருக்குச் சில வாரங்களுக்கு வாடகைக்காரர் பாலிசி தேவை. வாங்கியவரும் வீட்டில் வேறொருவர் குடியிருக்கிறார் என்பதைத் தன் காப்பீட்டு ஏஜென்டிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தங்குபவர் மாறினால் பாதுகாப்பும் மாறலாம் என்று படிவமே எச்சரிக்கிறது. மின் இணைப்பையும் தண்ணீரையும் கிரயத்தன்றே விற்றவர் நிறுத்தச் சொல்லிவிட்டால் அவரே இருட்டில் இருக்க நேரும், அதையும் கவனிக்க வேண்டும்.

நம் கணக்குக்கு வருவோம். முன்பணம் 3,000 டாலர். வீட்டை ஆறு நாள் தாமதமாகக் காலி செய்தார்கள், 1,800 டாலர். தரைக் கீறலைச் சரிசெய்ய 900. மீதி 300 டாலர் விற்றவருக்குத் திரும்பும். முன்பணம் வெறும் 1,000 டாலராக இருந்திருந்தால் பாக்கி 1,700-க்கு வாங்கியவர் நீதிமன்றம் போயிருக்க வேண்டும். டெக்சாஸ் சட்டப்படி, வீடு ஒப்படைக்கப்பட்ட 30 நாளுக்குள் மீதி முன்பணத்தையும் பிடித்தம் செய்த ஒவ்வொன்றுக்கும் கணக்கையும் கொடுக்க வேண்டும். இயல்பான தேய்மானத்துக்குப் பிடிக்கக் கூடாது. ஆனால் விற்றவர் தன் புதிய முகவரியை எழுத்தில் தரும் வரை வாங்கியவருக்கு அந்தக் கடமை கிடையாது. ஆகவே சாவி, கேரேஜ் ரிமோட் எல்லாவற்றையும் கொடுக்கும் அன்றே முகவரியையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.