மோட்டார் நின்றது, ஃபிளைவீல் நிற்கவில்லை

பயிற்சி முடிந்ததும் புதியவர்கள் பன்னிரண்டு பேர் கையிலும் ஆளுக்கொரு தாள் வருகிறது. முதல் கேள்வி இப்படி இருக்கிறது: "வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு அவசியம். சரியா, தவறா?" பன்னிரண்டு பேரும் 'சரி' என்று குறிக்கிறார்கள். எல்லோருக்கும் முழு மதிப்பெண். தாள்கள் கையெழுத்தோடு கோப்பில் ஏறுகின்றன. மறுநாள் காலை அவர்களில் ஒருவர் பவர் பிரஸ் முன்னால் நிற்பார். டைக்குள் ஒரு தகடு சிக்கிக்கொண்டால் அவர் கை எங்கே போகும்? அந்தத் தாளைப் புரட்டிப் பார்த்து யாரும் அதைச் சொல்லிவிட முடியாது.

வாகன உதிரி பாகம் செய்யும் சிறு பட்டறைகளில் பிரஸ் ஷாப்தான் விரல்களை அதிகம் பறிக்கும் இடம். டெல்லியை அடுத்த ஹரியானா வாகனத் தொழில் வட்டாரத்தில் காயமடைந்த தொழிலாளர்களோடு வேலை செய்யும் 'சேஃப் இன் இந்தியா' அமைப்பு 2019 முதல் வெளியிட்டுவரும் அறிக்கைகளின் பெயரே 'கிரஷ்ட்', அதாவது 'நசுங்கியவை'. கை நசுக்கும் இயந்திரங்களில் பவர் பிரஸ்ஸைத்தான் அவை முதலிடத்தில் வைக்கின்றன. அம்பத்தூரிலும் கோயம்புத்தூரிலும் இதே பிரஸ்கள் இதே வேகத்தில் ஓடுகின்றன. அதனால் புதிய பிரஸ் ஆப்பரேட்டர்களுக்கான ஐந்து கேள்விகளை எப்படி எழுதுவது என்று பார்ப்போம்.

முதலில் இயந்திரம். பவர் பிரஸ்ஸில் மோட்டார் ஒரு கனத்த ஃபிளைவீலைச் சுற்றிக்கொண்டே இருக்கும். பெடலை மிதித்தாலோ பட்டனை அழுத்தினாலோ கிளட்ச் அந்தச் சுழற்சியை கிராங்க் ஷாஃப்ட்டோடு கோத்துவிடும். ரேம் இறங்கி, டையில் இருக்கும் தகட்டை வெட்டிவிட்டு மேலே ஏறும். பழைய பிரஸ்களில் இருப்பது 'கீ கிளட்ச்'. ஒருமுறை கோத்துவிட்டால் முழுச் சுற்றும் முடியாமல் அது விடாது. பாதி வழியில் கையைப் பார்த்துவிட்டாலும் நிறுத்த வழியில்லை. காற்றழுத்தத்தில் இயங்கும் கிளட்ச் என்றால் நடுவழியில் நிறுத்தலாம். கை குறுக்கே வந்ததும் இயந்திரத்தை நிறுத்தும் ஒளித்திரை அந்த வகைக்குத்தான் உதவும். கீ கிளட்ச் பிரஸ்ஸில் அதை மாட்டிப் பயனில்லை.

இதில் புதியவரை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. சிவப்பு பட்டனை அழுத்தி மோட்டாரை அணைத்தாலும் ஃபிளைவீல் உடனே நிற்பதில்லை. அதன் கனமே அதைச் சுற்றவைக்கும். அந்த நேரத்தில் பெடலில் கால் பட்டால், மோட்டார் அணைந்திருந்தும் ரேம் ஒருமுறை இறங்கிவிடும். "மெஷின் ஆஃப்ல தானே இருக்கு" என்ற நினைப்போடு கையை விடுகிறவருக்கு இது தெரியாது.

கேள்வி பிறக்கும் இடம் இதுதான். பயிற்சி வகுப்பில் காட்டிய படங்களைப் பார்த்து எழுதினால் "தலைக்கவசம் என்ன நிறம்" போன்ற கேள்விகளே வரும். கேள்வி எழுதுபவர் அரைமணி நேரம் செட்டரோடும் மூத்த ஆப்பரேட்டரோடும் ஷாப்பில் நின்று, "புதுசா வர்ற பையன் முதல் வாரத்துல எங்க தப்பு பண்றான்?" என்று கேட்க வேண்டும். அவர்கள் சொல்லும் ஒவ்வொரு தப்பும் ஒரு கேள்வி. அதைச் செய்யும்போது அந்தப் பையன் மனதில் ஓடும் நியாயம் ஒரு தவறான விடை. அந்த நியாயத்தைத் தாளில் அப்படியே வைத்தால்தான், அதை நம்புகிறவர் அதைத் தேர்ந்தெடுப்பார்.

முதல் கேள்வியை எழுதிப் பார்ப்போம்.

"கீழ் டையில் ஒரு பீஸ் ஒட்டிக்கொண்டது. நீங்கள் என்ன செய்வீர்கள்?
அ) ரேம் மேலே நிற்பதை உறுதி செய்துகொண்டு, காலைப் பெடலிலிருந்து எடுத்துவிட்டு, கையால் எடுப்பேன்.
ஆ) மோட்டாரை அணைத்துவிட்டு, காலைப் பெடலிலிருந்து எடுத்துவிட்டு, உடனே கையால் எடுப்பேன்.
இ) மோட்டாரை அணைத்து, ஃபிளைவீல் நின்றதைப் பார்த்த பிறகு, இடுக்கியால் எடுப்பேன்."

சரியான விடை இ. கூர்ந்து பார்த்தால் மற்ற இரண்டும் முட்டாள்தனமாக இல்லை. இரண்டிலும் ஒரு கவனம் இருக்கிறது. அந்தக் கவனம் போதாது என்பதுதான் விஷயம். அ-வைக் குறித்தவருக்குப் பிரஸ் ஓடும்போது டைக்குள் கை போகவே கூடாது என்பது பதியவில்லை. ஆ-வைக் குறித்தவருக்கு மோட்டாருக்கும் ஃபிளைவீலுக்கும் உள்ள வேறுபாடு தெரியவில்லை. இந்த இருவருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியது வேறு வேறு. "பயந்து ஓடிவிடுவேன்" என்று ஒரு விடையைப் போட்டிருந்தால் அதை யாரும் குறிக்கப்போவதில்லை. அந்த வரி வெறும் மை.

விடைகள் மூன்று போதும். மிக்கேல் ரோட்ரிகஸ் என்ற கல்வி ஆய்வாளர் 80 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2005-இல் எழுதிய கட்டுரையின் முடிவு இதுதான். நான்காவது, ஐந்தாவது விடை பெரும்பாலும் யாரையும் இழுப்பதில்லை. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். எழுதுகிறவர் சரியான விடையில் ஒன்றும் விட்டுப்போகக் கூடாதென்று அதை நீட்டிவிடுவார். தேர்வெழுதிப் பழகியவர்கள் விஷயம் தெரியாமலே நீளமான விடையைக் குறித்துத் தப்பிவிடுவார்கள். மேலே உள்ள மூன்றும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருப்பது அதனால்தான். "மேற்கண்ட அனைத்தும்" என்பதையும் தவிர்ப்பது நல்லது. இரண்டு விடை சரியென்று தெரிந்தாலே மூன்றாவதைப் படிக்காமல் அதைக் குறித்துவிடலாம்.

இரண்டாவது கேள்வி இன்னும் நுட்பமானது. "ஒரே ஒரு முறைதான் அழுத்தினீர்கள். ரேம் இரண்டு முறை இறங்கிவிட்டது. அடுத்த பத்துப் பீஸும் ஒழுங்காக வந்தன. என்ன செய்வீர்கள்?" தொடர்ந்து ஓட்டுவது ஒரு விடை. கவனமாக ஓட்டி ஷிஃப்ட் முடிவில் சொல்வது இன்னொன்று. உடனே நிறுத்தி செட்டரைக் கூப்பிடுவது மூன்றாவது, அதுவே சரி. கிளட்ச்சின் கீ தேய்ந்திருந்தாலோ பிரேக் தளர்ந்திருந்தாலோ ரேம் இப்படித் தானாக மறுபடி இறங்கும். முடிந்த பீஸை எடுக்கக் கை உள்ளே போகும் அதே நொடியில் அது நிகழக்கூடும். பத்துப் பீஸ் நன்றாக வந்ததால் கோளாறு சரியாகிவிட்டது என்று ஆகாது. இரண்டாவது விடையைக் குறிப்பவர்கள் பெரும்பாலும் பொறுப்பான மனிதர்கள். உற்பத்தியைக் கெடுக்கக் கூடாது என்று நினைப்பவர்கள். அவர்களை அடையாளம் காண்பதற்கே இந்தக் கேள்வி.

தாளில் கேட்கவே முடியாத சங்கதிகளும் உண்டு. "சூப்பர்வைசர் கார்டைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொன்னால் ஓட்டுவீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் 'மாட்டேன்' என்றுதான் எழுதுவார்கள். என்ன விடை வேண்டுமென்று கேள்வியே காட்டிக்கொடுக்கிறது. அதற்குப் பதில் இப்படிக் கேட்கலாம்: "கார்டு இல்லாமல் ஓட்டச் சொன்னால் யாரிடம் சொல்ல வேண்டும்? அவர் பெயரையும் போன் எண்ணையும் எழுதுங்கள்." இதற்குக் குறிக்க விடைகள் இல்லை. பன்னிரண்டில் ஒன்பது பேர் வெறுமனே விட்டுவிட்டால், அங்கே தோற்றது தொழிற்சாலை. புகார் சொல்ல ஆள் யாரென்று அது சொல்லவே இல்லை.

நான்காவது கேள்வியை எழுத்தில் கேட்காமல் பிரஸ் பக்கத்தில் நின்று கேட்பது மேல். இரு கையாலும் இரண்டு பட்டனை ஒருசேர அழுத்தினால்தான் ரேம் இறங்க வேண்டும். ஆனால் வேலை வேகமாக நடக்கட்டும் என்று ஒரு பட்டனை டேப் ஒட்டி அழுத்தியபடியே வைத்துவிடும் வழக்கம் உண்டு. மின்சாரம் துண்டித்த பிரஸ்ஸில் ஒரு பட்டனுக்கு டேப் ஒட்டிவைத்து, "ஓட்டும் முன் இதில் என்னென்ன பார்ப்பீங்க?" என்று கேட்டால் போதும். ஐந்தாவதில் மூன்று படம்: கார்டு சரியாக உள்ள பிரஸ், ஒரு பக்கம் கழன்றது, கார்டே இல்லாதது. எதை ஓட்டலாம் என்று விரலை வைக்கச் சொல்லலாம்.

படங்களுக்கும் நேர்முகக் கேள்விக்கும் இன்னொரு காரணம் மொழி. தமிழ்நாட்டுப் பிரஸ் ஷாப்களில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஊர்களிலிருந்து வந்தவர்கள் பலர். தமிழ்த் தாளை ஃபோர்மேன் எல்லோர் முன்னாலும் இந்தியில் சொல்லிக்கொண்டே போனால், சரியான விடை வரும்போது அவர் குரல் அழுத்திவிடும். அவரவர் மொழியில் முன்கூட்டியே பதிவு செய்த குரலை ஒவ்வொருவரும் தனியாகக் கேட்டு விரல் வைப்பது நம்பகமானது.

தேர்ச்சிக்கு எத்தனை மதிப்பெண் என்ற கேள்விக்குக் கணக்கு பதில் சொல்கிறது. ஐந்து 'சரியா தவறா' கேள்விகளில் மூன்று சரியென்றால் தேர்ச்சி என்று வைத்தால், எதுவும் தெரியாமல் கண்ணை மூடிக் குறிப்பவரும் பாதிக்குப் பாதி தேறிவிடுவார். மூன்று விடை உள்ள கேள்விகளாக இருந்தால் ஐந்தில் ஒருவர் குருட்டாம்போக்கில் தேறுவார். ஆகவே பொதுவாக அறுபது விழுக்காடு என்று வைப்பது பிரஸ் ஷாப்புக்குப் பொருந்தாது. ஃபிளைவீல் கேள்வியும் இரட்டை இறக்கக் கேள்வியும் கட்டாயம் சரியாக இருக்க வேண்டும். தவறினால் விளக்கிவிட்டு மறுபடி கேட்க வேண்டும், அதுவரை அவர் பிரஸ்ஸைத் தொடக் கூடாது.

விடைகளை அன்றே சொல்லிவிடுவதும் கட்டாயம். தேர்வில் குறித்த தவறான விடை திருத்தப்படாமல் போனால், பின்னால் அதுவே சரியென்று மனதில் தங்கிவிடக்கூடும் என்பதை ஹென்றி ரோடிகரும் எலிசபெத் மார்ஷும் 2005-இல் காட்டினார்கள். ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் 2006-இல் மாணவர்களிடம் செய்த சோதனை இன்னொரு பாடம் சொல்கிறது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாக நினைவு கூர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்து, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். பயிற்சி நாளன்று நடத்தும் வினாத்தாள் அளப்பதோடு நிற்பதில்லை, பதியவும் வைக்கிறது. ஏழாம் நாள் அதே ஐந்தில் இரண்டை, விடைகளின் வரிசையை மாற்றி, மறுபடி கேட்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

தாள்களைத் திருத்தியபின் ஆட்களின் மதிப்பெண்ணைக் கூட்டுவதோடு, ஒவ்வொரு கேள்வியிலும் யார் எந்தத் தவறான விடைக்குப் போனார்கள் என்று எண்ண வேண்டும். பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர் முதல் கேள்வியில் ஆ-வைக் குறித்திருந்தால் எட்டுப் பேரும் கவனிக்கவில்லை என்று சொல்வது அநியாயம். பயிற்சியில் ஃபிளைவீலை யாரும் காட்டவில்லை என்பதே பொருள். கையெழுத்திட்ட அந்தத் தாளை, நாளைக்கு விபத்து நேர்ந்தால் "சொல்லிக்கொடுத்தோம், அவர்தான் கேட்கவில்லை" என்று நீட்டுவதற்காகக் கோப்பில் வைப்பது அதைவிடப் பெரிய அநியாயம்.

அடுத்த குழு வரும்போது பயிற்சியாளர் அவர்களை முதலில் பிரஸ் பக்கம் அழைத்துப் போகலாம். எல்லோரையும் தள்ளி நிற்கவைத்து, மோட்டாரை அணைத்து, "ஃபிளைவீல் நிற்கிற வரைக்கும் யாரும் பேசாம எண்ணுங்க" என்று சொல்லலாம். சத்தம் அடங்கிய பிறகும் அந்தச் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்க, புதியவர்கள் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருப்பார்கள்.